பிப்ரவரி 14: பூ "யாருக்கு?" என்று கேட்கும் கடை

கேள்வி: திருச்சியில் ஒரு கல்லூரிக்கு அருகே சிறிய பூக்கடை நடத்துகிறேன். ஒவ்வொரு காதலர் தினத்துக்கும் சிவப்பு ரோஜாவை வாங்கிக் குவிக்கிறேன். ஒரு வருடம் மதியத்துக்குள் தீர்ந்துவிடுகிறது, அடுத்த வருடம் நூறு, நூற்றைம்பது மீந்துபோகிறது. இந்த முறை இருபது சதவீதத் தள்ளுபடி போடலாமா என்று யோசிக்கிறேன். காதலர்கள் மட்டும் இல்லாமல் நண்பர்களும் குடும்பத்தினரும் வாங்கும்படி ஒரு சலுகை வைக்க முடியுமா?

பதில்:

இருபது சதவீதத் தள்ளுபடியை இப்போதே மறந்துவிடுங்கள். பிப்ரவரி 14 அன்று சிவப்பு ரோஜாவைத் தேடி வருகிறவர் விலை விசாரித்துக்கொண்டு வருவதில்லை. இன்னும் மிச்சம் இருக்கிறதா என்ற பதற்றத்தோடு வருகிறார். கணக்குக்காக ஒரு பூ உங்களுக்கு 25 ரூபாய் அடக்கம், சுற்றும் தாளும் ரிப்பனும் 4 ரூபாய், விற்பது 50 ரூபாய் என்று வையுங்கள். ஒரு பூவில் 21 ரூபாய் நிற்கிறது. இருபது சதவீதம் குறைத்து 40 ரூபாய்க்கு விற்றால் 11 ரூபாய்தான் நிற்கும். பழைய லாபத்தைத் தொடுவதற்கே ஏறக்குறைய இரண்டு மடங்கு பூ விற்றாக வேண்டும். அந்த இரண்டு மடங்கு பூவையும், ஆண்டிலேயே விலை உச்சத்தில் இருக்கும் வாரத்தில் முதல் போட்டு வாங்க வேண்டும்.

நான் கோவையில் பதினாறு ஆண்டுகளாகக் கடை வைத்திருக்கிறேன். முதல் ஐந்து ஆண்டுகள் நீங்கள் செய்வதைத்தான் செய்தேன். ஐந்தாவது ஆண்டு பிப்ரவரி 15 காலையில் இரண்டு வாளி நிறையச் சிவப்பு ரோஜாவோடு உட்கார்ந்திருந்தபோது, முந்தின நாள் கடை முன்னால் நின்று எட்டிப்பார்த்துவிட்டு, வாங்காமல் போனவர்களின் முகங்கள் நினைவுக்கு வந்தன. அலுவலகத்திலிருந்து திரும்பிய நடுவயதுக்காரர்கள், மூன்று நான்கு பேராக வந்த கல்லூரிப் பெண்கள், மகளோடு வந்த ஓர் அப்பா. கடையில் இதயம் வரைந்த பலூனும் "காதலர் தினச் சிறப்பு விற்பனை" என்ற பலகையும் இருந்தன. அவர்களுக்கு என் கடையில் வேலை இல்லை என்று அந்தப் பலகைதான் சொல்லி அனுப்பியிருந்தது.

சலுகையை எப்படி அமைப்பது என்பதற்கு முன்னால், சிவப்பு ஏன் அந்த வாரத்தில் மட்டும் இப்படி ஏறுகிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன். இந்தச் சலுகை முழுவதும் அதன் மேல்தான் நிற்கிறது.

நமக்கு வரும் நீண்ட காம்பு டச்சு ரோஜாவில் பெரும்பகுதி ஓசூர்ப் பக்கத்துப் பசுமைக்குடில்களில் விளைவது. சிவப்பில் அதிகம் வருவது தாஜ்மகால் என்ற ரகம். பிப்ரவரி இரண்டாம் வாரத்துக்குப் பூ வேண்டும் என்பதற்காகவே டிசம்பரில் செடிகளைக் கவாத்து செய்கிறார்கள். வெட்டிய கிளை துளிர்த்து மொட்டு வெட்டுக்கு வர ஒன்றரை மாதத்துக்கு மேல் ஆகும். அப்படி ஒரே நேரத்தில் வரவழைத்த சிவப்பில் நல்ல நீளக் காம்புகளை ஜனவரிக் கடைசியிலிருந்தே ஏற்றுமதிக்காரர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். மிச்சத்துக்கு டெல்லியும் மும்பையும் ஹைதராபாத்தும் போட்டி போடுகின்றன. டிசம்பர் இரவுகளில் குளிர் சற்றுக் கூடிவிட்டால் மொட்டு நான்கைந்து நாள் தள்ளிப்போகும், உள்ளூர் விலை இன்னும் துள்ளும். மஞ்சள், ஆரஞ்சு, இளஞ்சிவப்பு ரோஜாக்களும் விலை ஏறத்தான் செய்யும், ஆனால் சிவப்பைப் போல ஏறாது. ஜெர்பெராவும் கார்னேஷனும் அதைவிடவும் குறைவாகத்தான் அசையும்.

ஆக, அந்த ஒரு நாளில் நீங்கள் விற்கும் பூக்களில் சிவப்பின் பங்கு குறையக் குறைய உங்கள் முதல் குறையும், மீந்துபோகும் பயமும் குறையும். சிவப்பு கேட்டு வருகிறவரை மஞ்சளுக்கு மாற்ற முடியாது; முயலவும் வேண்டாம். மஞ்சளும் மற்றவையும் வேறு ஆட்களுக்குப் போக வேண்டும். நண்பர்களும் குடும்பமும் உங்கள் கடைக்குள் வரவேண்டிய காரணம் இதுதான். பின்லாந்தில் பிப்ரவரி 14-க்குப் பெயரே நண்பர்கள் தினம். அங்கே தோழிகளுக்கும் சக ஊழியர்களுக்கும் அட்டை அனுப்பும் நாள் அது. நம் ஊரில் அந்தப் பெயரை நாம் வைக்க முடியாது, ஆனால் பலகையை மாற்ற முடியும்.

நான் பலகையில் ஒரே ஒரு சொல்தான் எழுதுகிறேன்: "யாருக்கு?" அதன் கீழே சிறிய எழுத்தில் மனைவிக்கு, கணவருக்கு, அம்மாவுக்கு, தோழிக்கு, தங்கைக்கு, ஆசிரியருக்கு, "சொல்ல மாட்டேன்" என்று வரிசையாக இருக்கும். அந்தக் கடைசி வரியைப் பார்த்துத்தான் காதலர்கள் சிரித்துக்கொண்டே உள்ளே வருகிறார்கள். பூவோடு கொடுக்கும் சிறிய அட்டையிலும் இதே வரிசை அச்சாகியிருக்கும். வாங்குகிறவர் ஒன்றில் பேனாவால் குறியிடுவார். அட்டையில் இதயப் படம் இல்லை. சிவப்பு ரோஜாவோடு போனால் அது காதல் அட்டை, ஜெர்பெராவோடு போனால் நட்பு அட்டை. ஒரே அச்சு எல்லோருக்கும் பயன்படுவதால் மீந்த அட்டைகள் அடுத்த மாதமும் ஓடும். காதலர் தினத்தை எதிர்த்துக் கடைகளின் முன் கூச்சல் போடுகிறவர்கள் சில ஊர்களில் உண்டு; அவர்கள் வந்து பார்த்தாலும் இந்தப் பலகையில் சண்டைக்கு எதுவும் கிடைக்காது. இது எனக்குத் தற்செயலாகக் கிடைத்த லாபம்.

இனி விற்கும் பொருள். மூன்றே மூன்று வையுங்கள். பத்து வகை வைத்தால் வாங்குகிறவரும் குழம்புவார், கட்டுகிற உங்கள் பையனும் குழம்புவான்.

முதலாவது, சிவப்பு ரோஜா. இதன் விலையில் கை வைக்க வேண்டாம். இதோடு ஒன்றை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். சிவப்பு வாங்குகிறவரிடம், "வீட்டுக்கும் ஒன்று எடுத்துக்கொள்கிறீர்களா?" என்று கேட்டு, ஒரு கார்னேஷனும் ஒரு ஜெர்பெராவும் கொஞ்சம் பச்சையும் சேர்த்த சின்னக் கட்டைக் காட்டுங்கள். நாங்கள் அதை "இரண்டாவது பூ" என்கிறோம். தனியாக வாங்கினால் 80 ரூபாய், சிவப்போடு சேர்த்து வாங்கினால் 60 ரூபாய். தள்ளுபடி இதில்தான் இருக்கிறது, அதுவும் அடக்கம் குறைந்த பூவில். ஒரு கல்லூரி மாணவன் ரோஜா ஒன்றை வாங்கிப் பைக்குள் ஒளித்துக்கொண்டு, இன்னொரு கையில் அம்மாவுக்கான கட்டை எல்லோருக்கும் தெரியும்படி பிடித்துக்கொண்டு போவதைப் பார்த்திருக்கிறேன். அவனுக்கு அந்த 60 ரூபாயில் இரண்டு வேலை நடக்கிறது.

இரண்டாவது, நண்பர்களுக்கான கட்டு. ஒரு தவறை நீங்களும் செய்துவிடாதிருக்கச் சொல்கிறேன். இந்தச் சலுகையைத் தொடங்கிய முதல் வருடம் நான் பத்து மஞ்சள் ரோஜாவை ஒரே பூங்கொத்தாகக் கட்டி "நண்பர்களுக்கு" என்று வைத்தேன். இரண்டுதான் போனது. நட்பில் ஒருவர் ஒருவருக்குப் பெரிய பூங்கொத்து கொடுப்பது நம் பிள்ளைகளுக்குக் கூச்சமான காரியம். அவர்களுக்கு வேண்டியது, வகுப்பில் அல்லது விடுதி அறையில் இருக்கும் எட்டுப் பத்துப் பேருக்கு ஆளுக்கு ஒன்று. அடுத்த வருடம் அதே பத்துப் பூவைத் தனித்தனியாகச் சுற்றி, ஒவ்வொன்றிலும் பெயர் எழுத ஒரு சிறு துண்டு அட்டையை நூலால் கட்டி, பத்தையும் ஒரு பையில் போட்டு 300 ரூபாய் என்று வைத்தேன். நாலைந்து பேர் சேர்ந்து பணம் போட்டு வாங்கினார்கள். நிறம் கலந்து இருப்பது முக்கியம். மஞ்சள் நட்பின் நிறம் என்று எங்கோ படித்துவிட்டு எல்லாவற்றையும் மஞ்சளாகவே வைத்தால் நிறம் பொறுக்கும் மகிழ்ச்சி போய்விடுகிறது. இளஞ்சிவப்பு யாருக்கு, ஆரஞ்சு யாருக்கு என்று அவர்கள் கடையிலேயே கால் மணி நேரம் சண்டை போடட்டும். அதைப் பார்த்து இன்னும் இரண்டு குழு வரும்.

மூன்றாவதுதான் எனக்குப் பிடித்தது, உங்கள் ஊருக்கு மிகவும் பொருந்துவதும் அதுதான். ஒரு முழம் மல்லிகைச் சரம், அதன் மேல் காம்பைச் சிறிதாக வெட்டிய ஒரு ரோஜா, இரண்டையும் வாழை இலையில் வைத்து நாரால் கட்டிய பொட்டலம். மாலை ஐந்து மணியிலிருந்து எட்டு மணி வரை மட்டும். மனைவிக்குப் பூ வாங்கிப் போவது நம் ஊர் ஆண்களுக்குப் புதிதல்ல. அதை ரோஜாக் கொத்தாக, பளபளக்கும் தாளில் சுற்றி, தெருவழியே தூக்கிக்கொண்டு போவதுதான் அவர்களுக்கு முடியாத காரியம். வாழை இலைப் பொட்டலம் வழக்கமான பொட்டலம். உள்ளே இருக்கும் ரோஜா வீட்டில் பிரிக்கும்போதுதான் தெரியும். நாற்பது, ஐம்பது வயதுக்காரர்கள் இதை வாங்குகிறார்கள், வாங்கும்போது முகத்தை மிகவும் இறுக்கமாக வைத்துக்கொள்கிறார்கள்.

மல்லிகையில் ஒரு சிக்கல் உண்டு. மார்கழி, தைக் குளிரில் மல்லி வரத்து மிகவும் குறைந்து விலை கிலோவுக்கு ஆயிரக்கணக்கில் போகும். மாசி பிறக்கும் சமயத்தில் வரத்து கொஞ்சம் கூடும், ஆனால் முகூர்த்த நாள் குறுக்கே வந்தால் மறுபடியும் ஏறிவிடும். ஜனவரியிலேயே நாட்காட்டியைப் பார்த்து 13, 14, 15 தேதிகளில் முகூர்த்தம் இருக்கிறதா என்று குறித்துக்கொள்ளுங்கள். இருந்தால், பொட்டலத்தை முன்பதிவு செய்தவர்களுக்கு மட்டும் என்று வைத்துவிடுங்கள், அல்லது ஒரு முழத்தை அரை முழமாக்கி, குறைத்திருப்பதைச் சொல்லியே விற்றுவிடுங்கள். சொல்லாமல் முழத்தைச் சுருக்குவது வேண்டாம். சரத்தை அளப்பதில் நம் பெண்களை ஏமாற்ற முடியாது, பெயர் கெடும். காலையில் ஸ்ரீரங்கம் மார்க்கெட்டில் வாங்கும்போது இறுகிய மொட்டாகவே வாங்குங்கள், மாலையில் அது விரிந்து மணக்கும் நேரமும் அவர்கள் வீட்டுக் கதவைத் தட்டும் நேரமும் ஒன்றாக இருக்கும்.

ஒரு வலியையும் சொல்ல வேண்டும். இந்தச் சலுகை தொடங்கிய மூன்றாம் வருடமோ நான்காம் வருடமோ, "அம்மாவுக்கு" என்று குறியிட்ட ஓர் இளைஞனுக்கு நான் யோசிக்காமல் மல்லிப் பொட்டலத்தையே நீட்டினேன். அவன் கொஞ்ச நேரம் அதைப் பார்த்துவிட்டு, "அம்மா பூ வைக்கிறதில்லை அண்ணா" என்றான். அப்பா இறந்து இரண்டு வருடமாம். அன்றிலிருந்து நாங்கள் ஒரு கேள்வியைப் பழக்கமாக்கிக்கொண்டோம்: "தலையில் வைக்கவா, மேசையில் வைக்கவா?" அம்மா, பாட்டி, அத்தை என்று யாருக்கு வாங்கினாலும் இதைக் கேட்டுவிடுகிறோம். பூ வைக்காத வீடுகளும், மல்லி மணம் தலைவலி தரும் ஆட்களும், காரணம் சொல்ல விரும்பாதவர்களும் இந்த ஒரு கேள்வியில் சங்கடமில்லாமல் ஒதுங்கிக்கொள்கிறார்கள். மேசைக்கு என்றால் கார்னேஷன். தண்ணீரை மாற்றிக்கொண்டிருந்தால் பத்து நாளுக்கு மேலும் நிற்கும்.

இனி கொள்முதல். நீங்கள் இதுவரை 500 சிவப்பு வாங்கியதாக வைத்துக்கொள்கிறேன். பூ 25 ரூபாய் வீதம் 12,500 ரூபாய். வரும் வழியில் ஒடிந்ததும் கழித்ததும் 40, விற்றது 360, மீந்தது 100. விற்ற 360 பூவில் 18,000 ரூபாய், மறுநாள் மீந்ததைப் பத்துப் பத்து ரூபாய்க்குத் தள்ளியதில் 1,000 ரூபாய். தாள், ரிப்பன் செலவு 1,440 ரூபாயையும் கழித்தால் கையில் 5,060 ரூபாய்.

புது முறையில் சிவப்பு 300 மட்டும். அதற்கு 7,500 ரூபாய். மற்ற நிற ரோஜா 160, பூ 12 ரூபாய் வீதம் 1,920 ரூபாய். ஜெர்பெரா 100, ஏழு ரூபாய் வீதம் 700 ரூபாய். கார்னேஷன் 80, பன்னிரண்டு ரூபாய் வீதம் 960 ரூபாய். மொத்தக் கொள்முதல் 11,080 ரூபாய். சிவப்பில் 270 விற்றால் 13,500 ரூபாய். நண்பர்கள் பை பத்து விற்றால் 3,000 ரூபாய். இரண்டாவது பூ அறுபது பேருக்கு 60 ரூபாய் வீதம் 3,600 ரூபாய். தனியாக விற்ற நிற ரோஜா நாற்பது, 30 ரூபாய் வீதம் 1,200 ரூபாய். ஆக வரவு 21,300 ரூபாய். தாள், நூல், ரிப்பன் எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 2,000 ரூபாய், அட்டை அச்சடிக்க 600 ரூபாய். கையில் 7,600 ரூபாய்க்கு மேல் நிற்கிறது. மல்லிப் பொட்டலத்தை இதில் சேர்க்கவில்லை, அதன் விலை அன்றன்றைக்கு மாறுவதால். மீந்த கார்னேஷன் இருபதும் அடுத்த வாரப் பிறந்தநாள் கொத்துகளில் போய்விடும். இந்த விலைகள் உதாரணத்துக்குத்தான். உங்கள் கொள்முதல் விலையைப் போட்டு நீங்களே ஒருமுறை எழுதிப் பாருங்கள். நிற ரோஜாவின் விலை சிவப்பு விலையில் முக்கால் பங்குக்கு மேல் போய்விட்டால் நண்பர்கள் பையில் பாதியை ஜெர்பெராவாக மாற்றுங்கள்.

அறுபது பேர் இரண்டாவது பூ வாங்குவார்களா என்று கேட்பீர்கள். பலகையைப் பார்த்துத் தாங்களே கேட்கிறவர்கள் மிகக் குறைவு. கல்லாவில் இருப்பவர் வாய் திறந்து கேட்டால்தான் போகும். என் கடையில் கேட்காத பையன் நின்ற நாளும் கேட்கும் பையன் நின்ற நாளும் கணக்குப் புத்தகத்தில் பார்த்த மாத்திரத்தில் தெரியும். அந்தக் கட்டுகளை முன்கூட்டியே கட்டி, கல்லாவுக்குப் பக்கத்தில் கை எட்டும் இடத்தில் வைத்திருக்கவும் வேண்டும். "இருங்கள், கட்டித் தருகிறேன்" என்றால் "வேண்டாம், விடுங்கள்" என்றுதான் பதில் வரும்.

தேதியையும் கிழமையையும் பாருங்கள். 2026-இல் காதலர் தினம் சனிக்கிழமை வந்தது, 2027-இல் ஞாயிற்றுக்கிழமை வருகிறது. கல்லூரிக்குப் பக்கத்தில் கடை வைத்திருக்கும் உங்களுக்கு இது பெரிய விஷயம். ஞாயிறன்று கல்லூரி வாசலில் ஆள் இருக்காது. நண்பர்கள் பை 12-ஆம் தேதி வெள்ளிக்கிழமையே விற்றாக வேண்டும். பலகையை 8-ஆம் தேதியே மாட்டுங்கள். ஊருக்குப் போகும் விடுதி மாணவர்கள் வெள்ளி மாலை பஸ் ஏறும் முன் வீட்டுக்கு ஒரு கார்னேஷன் கட்டு வாங்குவார்கள். ஞாயிறன்று உங்களுக்கு வருகிறவர்கள் குடும்பத்துக்காரர்கள். மல்லிப் பொட்டலத்தை அன்று கூடுதலாக வையுங்கள். 2028-இல் திங்கட்கிழமை, அப்போது கல்லூரிக் கூட்டம் மறுபடியும் அதே நாளில் வந்துவிடும்.

சிவப்பு எத்தனை வாங்குவது என்பதை முன்பதிவு சொல்லட்டும். பிப்ரவரி 1 முதல் 9 வரை வாட்ஸ்அப்பில் பதிவு, பாதிப் பணம் யுபிஐ-யில். முன்பதிவுக்கு விலையைக் குறைக்க வேண்டாம். "இத்தனை மணிக்கு உங்கள் பூ தயாராக இருக்கும், அட்டையில் நீங்கள் சொன்னதை எழுதி வைத்திருப்போம்" என்பதே போதும். 9-ஆம் தேதி இரவு பதிவை எண்ணி, அதோடு சென்ற வருடம் நேரில் வந்து வாங்கியவர்களின் எண்ணிக்கையில் முக்கால் பங்கைச் சேர்த்து ஓசூருக்குச் சொல்லுங்கள்.

பெட்டி வந்ததும் நடக்க வேண்டியது பற்றியும் கொஞ்சம். மீந்துபோகிறது என்று நீங்கள் சொல்லும் பூவில் ஒரு பகுதி உண்மையில் வாடிப்போனதால் விற்காத பூவாக இருக்கலாம். கட்டைப் பிரித்ததும் மொட்டின் அடிப்பக்கத்தை இரு விரலால் மெல்ல அழுத்திப் பாருங்கள். கெட்டியாக இருந்தால் புதுசு. பஞ்சு போல அமுங்கினால் குளிர் அறையில் பல நாள் கிடந்தது. சிவப்பில் ஒரு நீலச்சாயல் தெரிந்தாலும், கீழ் இலை மஞ்சளானாலும் அதே கதைதான். வெளி இதழ் ஓரம் மட்டும் கறுத்திருந்தால் பயப்பட வேண்டாம், அந்த இரண்டு இதழை உரித்துவிடலாம். காம்பின் அடியில் இரண்டு சென்டிமீட்டர் சாய்வாக, முடிந்தால் தண்ணீருக்குள் வைத்தே வெட்டி, தண்ணீரில் மூழ்கும் இலைகளை உருவிவிட்டு, நிழலில் மூன்று நான்கு மணி நேரம் நிற்க விடுங்கள். காம்புக்குள் காற்று புகுந்தால் தலை தொங்கிவிடும். தலை தொங்கிய பூவையும் மறுபடி வெட்டி, தாளில் இறுகச் சுற்றி, கழுத்துவரை தண்ணீரில் ஒரு மணி நேரம் நிறுத்தினால் பாதிக்குப் பாதி எழுந்துவிடும்.

ஜெர்பெராவுக்கு நேர்மாறு. அதன் காம்பு அழுகிப்போகும் என்பதால் நாலு விரற்கடைத் தண்ணீர் போதும். ரோஜாவானாலும் ஜெர்பெராவானாலும் பூவின் மேல் தண்ணீர் தெளிப்பது நல்லதல்ல. இதழில் பழுப்புப் புள்ளி விழும். கார்னேஷனைப் பழக்கடைக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். பழுக்கும் வாழைப்பழத்திலிருந்தும் மாம்பழத்திலிருந்தும் வரும் எத்திலீன் வாயு பட்டால் கார்னேஷன் இதழை உள்ளே சுருட்டிக்கொண்டு தூங்கிவிடும், பிறகு எழாது. நம் கடைவீதிகளில் பூக்கடையும் பழக்கடையும் ஒட்டியே இருப்பதால் இதைச் சொல்கிறேன். ஒருமுறை நாற்பது பூ எனக்கு இப்படிப் போனது. நான் இரண்டு நாளாகத் தண்ணீரைத்தான் குறை சொல்லிக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுப்பது என்றால் ஒரு கட்டுப்பாடு வையுங்கள். அனுப்புகிறவர் பெயர் இல்லாமல் பூ அனுப்ப மாட்டோம் என்று நான் பலகையிலேயே எழுதியிருக்கிறேன். "சொல்ல மாட்டேன்" என்ற குறி, தானே கையில் வாங்கிப் போகிறவருக்கு மட்டும். பெயர் தெரியாத சிவப்பு ரோஜா ஒரு பெண்ணின் விடுதிக்கோ வீட்டுக்கோ போனால், பெறுகிறவருக்கு அது பரிசாக இருக்காது. வார்டனிடமும் அண்ணனிடமும் பதில் சொல்லும் பொறுப்பாக இருக்கும். விடுதிக்கும் அலுவலகத்துக்கும் அனுப்பும்போது பெறுகிறவரைத் தொலைபேசியில் அழைத்து, வாங்கிக்கொள்ள விருப்பமா என்று கேட்ட பிறகே பையனை அனுப்புகிறோம். வேண்டாம் என்றால் அனுப்பியவருக்குப் பணம் திரும்பிவிடும். இதனால் சில வியாபாரம் போயிருக்கிறது. அதைப் பற்றி எனக்கு வருத்தமில்லை.

அன்றைய நாளில் இந்தச் சலுகை வேலை செய்கிறதா என்று தெரிந்துகொள்ள ஒரு கோடு போட்ட நோட்டு போதும். பலகையில் இருக்கும் அதே வரிசையை மேலே எழுதி, ஒவ்வொரு விற்பனைக்கும் ஒரு கோடு. காலை பதினொன்று, மாலை நான்கு, இரவு எட்டு மணிக்குச் சிவப்பையும் மற்றதையும் எண்ணிப் பாருங்கள். சிவப்பு வாங்க வந்தவர்கள் அதை விட்டுவிட்டு 80 ரூபாய்க் கட்டை மட்டும் எடுத்துக்கொண்டு போகிறார்கள் என்றால் அந்தக் கட்டு மிகவும் முன்னால் இருக்கிறது என்று பொருள். அதைக் கல்லாப் பக்கம் தள்ளி, சிவப்பை வாசலுக்குக் கொண்டுவாருங்கள். மாலை நான்கு மணிக்குச் சிவப்பில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இருந்தால் விலையைக் குறைப்பதற்குப் பதிலாக மல்லிப் பொட்டலத்தில் ஒரு ரோஜா என்பதை இரண்டாக்கி, விலையைப் பதினைந்து ரூபாய் கூட்டுங்கள். பொட்டலம் வாங்க வருகிறவர் அந்தப் பதினைந்து ரூபாயைப் பெரும்பாலும் பொருட்படுத்துவதில்லை.

அப்படியும் மீந்த சிவப்பை 15-ஆம் தேதி வாளியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். காம்பை வெட்டித் தலைகளை அன்று காலையே மாலை கட்டுகிறவரிடம் கொடுத்துவிடுங்கள். மதியத்துக்குப் பிறகு போனால் உதிரி விலைதான் சொல்வார்.